மூன்று பொருள், பல கைகள், ஒரே ருசி

கியூபாவின் கிழக்குக் கரையில், சாண்டியாகோ நகரத்துக்குப் பக்கத்தில் டைக்கிரி என்றொரு சிற்றூர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே இரும்புச் சுரங்கம் நடந்தது. அதில் வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர்தான் ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை மூன்றையும் ஐஸில் கலந்து ஊரின் பெயரையே அந்தப் பானத்துக்கு வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. டைக்கிரி என்ற காக்டெய்ல் இன்று உலகத்தில் எந்த ஊர் பாரில் கேட்டாலும் கிடைக்கும்.

காக்ஸ் எழுதியதாக ஒரு செய்முறைக் குறிப்பும் உண்டு. ஆறு பேருக்கான அளவு அது: ஆறு எலுமிச்சை, ஆறு தேக்கரண்டி சர்க்கரை, ஆறு சிறு கோப்பை ரம், கொஞ்சம் தண்ணீர், நிறைய நொறுக்கிய ஐஸ். ஒரே மனிதர் தன் நண்பர்களுக்குக் கலந்து கொடுக்க இது போதும். ஆனால் ஒரு எலுமிச்சம்பழத்தில் ஒரு மேசைக்கரண்டி சாறு வரும். இன்னொன்றில் இரண்டு வரும். ‘கோப்பை’ என்பது யார் வீட்டுக் கோப்பை? ‘நிறைய’ என்பது எவ்வளவு? இதே குறிப்பை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு பானங்கள் வரும்.

பார்டெண்டர் தொழிலின் பெரிய சவால் இந்த இடத்தில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஒருவர் கலந்து கொடுத்த டைக்கிரியைக் குடித்துவிட்டுப் போன விருந்தாளி, சனிக்கிழமை வேறொருவர் பணியில் இருக்கும்போது வந்து அதையே கேட்கிறார். அவருக்கு அதே ருசி கிடைக்க வேண்டும். டைக்கிரியில் இருப்பதோ மூன்றே பொருள்கள். தவறு நேர்ந்தால் மறைந்துகொள்ள இடமில்லை. அதனால்தான் புதிதாக வேலைக்கு வருபவரின் கைப்பக்குவத்தைச் சோதிக்கப் பல பார்களில் முதலில் டைக்கிரி கலக்கச் சொல்கிறார்கள்.

அளவு என்ன?

இன்று பல பார்களில் வழக்கத்தில் உள்ள அளவு இது: வெள்ளை ரம் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 22.5 மி.லி., சர்க்கரைப் பாகு 22.5 மி.லி. அந்த அரை மில்லி எங்கிருந்து வந்தது என்று தோன்றலாம். அமெரிக்க பார்களில் அளவு அவுன்ஸில் போகிறது. ஒரு அவுன்ஸை 30 மி.லி. என்று வைத்துக்கொண்டால் முக்கால் அவுன்ஸ் 22.5 மி.லி. ஆகும். இந்திய பார்களின் சின்ன பெக் 30 மி.லி., பெரிய பெக் 60 மி.லி. என்பதால் ரம்மின் அளவு இங்கே எல்லோருக்கும் பழக்கமானதுதான்.

புளிப்பும் இனிப்பும் சம அளவில் நின்று மதுவின் காரத்தைத் தாங்கிப் பிடிப்பதுதான் இதன் அடிப்படை. ‘சவர்’ என்று சொல்லப்படும் காக்டெய்ல் குடும்பம் முழுவதும் இந்தச் சட்டகத்தில் நிற்கிறது. ரம்முக்குப் பதில் விஸ்கியும் லெமனும் சேர்ந்தால் விஸ்கி சவர். டெக்கிலா வந்து, இனிப்புக்கு ஆரஞ்சு லிக்கர் சேர்ந்தால் மார்கரிட்டா. ஆகவே டைக்கிரியை நன்றாகக் கற்றவருக்கு ஒரு குடும்பமே கைவசமாகிவிடும்.

எலுமிச்சை விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு அனுகூலம் உண்டு. நம் சந்தையில் கிடைக்கும் சின்ன, மெல்லிய தோல் எலுமிச்சை, கரீபியன் தீவுகளில் வளரும் ‘கீ லைம்’ என்ற அதே இனம். அமெரிக்கக் கடைகளில் அதிகம் விற்பது விதையில்லாத பெரிய பாரசீக லைம். அதைவிட நம் பழத்துக்குப் புளிப்பும் வாசனையும் சற்றுக் கூடுதல். எந்தப் பழமானாலும் சாற்றை அன்றன்று பிழிந்து, வடிகட்டி, மில்லியில் அளந்துதான் ஊற்ற வேண்டும். ‘ஒரு பழத்தின் சாறு’ என்று கணக்கு வைத்தால் காக்ஸின் குறிப்புக்கே திரும்பிப் போய்விடுவோம்.

பாகு, பதம் வருவதற்கு முன்

ஒரே பாரில் வேலை பார்க்கும் இரண்டு பார்டெண்டர்களை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஒரே அட்டையைப் பார்த்துத்தான் கலக்கிறார்கள். அளவும் பிசகவில்லை. ஆனால் ஒருவர் பணியில் இருக்கும் நாளில் டைக்கிரி அளவாக இருக்கிறது. மற்றவர் நாளில் தித்திக்கிறது. விசாரித்தால் குற்றவாளி பாகுப் பாட்டில்தான். முதலாமவர் ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் வைத்துப் பாகு செய்கிறார். இரண்டாமவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று பழகியவர். இரண்டு பாட்டிலிலும் ‘சிரப்’ என்றே எழுதியிருக்கிறது.

கணக்குப் போட்டால் வித்தியாசம் தெளிவாகும். ஒன்றுக்கு ஒன்று பாகில் 22.5 மி.லி. ஊற்றினால் சுமார் 14 கிராம் சர்க்கரை சேர்கிறது. இரண்டுக்கு ஒன்று பாகில் அதே 22.5 மி.லி. சுமார் 20 கிராம் சர்க்கரையைக் கொண்டுவருகிறது. ஒரு கிளாஸில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை கூடிவிட்டது. கெட்டிப் பாகைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. சீக்கிரம் கெடாது என்பதால் அதை விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் அப்போது அட்டையில் 22.5க்குப் பதில் 15 மி.லி. என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் இனிப்பு ஏறக்குறைய சரியாக வந்துவிடும்.

பாகு என்றதும் நமக்குக் கம்பிப் பதமும் பிசுக்குப் பதமும் நினைவுக்கு வரும். காக்டெய்லுக்கான பாகு எந்தப் பதத்துக்கும் போகக் கூடாது. பதம் என்பது தண்ணீர் ஆவியாகிக்கொண்டே போவதால் வருவது. காக்டெய்ல் பாகிலோ தண்ணீரின் அளவு மாறாமல் இருக்க வேண்டும்.

செய்யும் முறை எளிது. தராசில் 500 கிராம் சர்க்கரை, 500 கிராம் தண்ணீர். தண்ணீரைச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, சர்க்கரையைக் கொட்டிக் கரையும்வரை கலக்க வேண்டும். கொதிக்க விடுவதுதான் வழக்கமான பிழை. பேச்சு சுவாரசியத்தில் 100 கிராம் தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டால், பாதிக்குப் பாதி இருக்க வேண்டிய சர்க்கரை நூற்றுக்கு 55 பங்குக்கு மேல் ஏறிவிடும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. காலிப் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்து வைத்துக்கொண்டு, பாகு ஆறியதும் மறுபடி நிறுக்க வேண்டும். பாகு மட்டும் சரியாக ஒரு கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் குறைந்த அளவுக்குத் தண்ணீர் சேர்த்தால் போதும்.

டம்ளரால் அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 240 மி.லி. பிடிக்கும் ஒரு கோப்பையில் தண்ணீர் 240 கிராம் இருக்கும். சர்க்கரையோ சுமார் 200 கிராம்தான் இருக்கும். பொடிச் சர்க்கரை, பெருங்கற்கண்டு மாதிரியான சர்க்கரை என்று மணியின் அளவு மாறினால் அந்த எடையும் மாறும். ஆகவே ‘ஒரு டம்ளருக்கு ஒரு டம்ளர்’ பாகு எப்போதும் கொஞ்சம் நீர்த்தே இருக்கும். எவ்வளவு நீர்த்தது என்றும் சொல்ல முடியாது. தராசுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. பெரிய பார்களில் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று பாகு அதில் 50 பிரிக்ஸ் காட்ட வேண்டும். நூறு கிராம் பாகில் ஐம்பது கிராம் சர்க்கரை என்பதே அதன் பொருள்.

ஒரு கிலோ பாகு சுமார் 800 மி.லி. வரும்; 35 டைக்கிரிக்குக் காணும். பாட்டிலில் ‘1:1’ என்றும், செய்த தேதியும், செய்தவர் பெயரும் எழுதிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். பாகு கலங்கினாலோ, மேலே நூல் நூலாகப் படர்ந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான்.

சிரப் என்ற சொல்லும் நம் நன்னாரி சர்பத்தில் உள்ள சர்பத்தும் ஒரே வேர் கொண்டவை. ‘குடிப்பது’ என்று பொருள்படும் அரபுச் சொல்லில் இருந்து பிறந்தவை அவை. மாதுளைச் சாறும் சர்க்கரையும் சேர்ந்தால் கிரெனடின். மாதுளைக்கான பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. பாதாம்பாலும் சர்க்கரையும் ஆரஞ்சுப் பூ நீரும் சேர்ந்தால் ஓர்ஷா. தேனைப் பயன்படுத்துவதானால் அதையும் முதலில் வெந்நீரில் இளக்கித்தான் வைக்க வேண்டும். நேராக ஊற்றினால் ஐஸ் பட்டவுடன் கெட்டியாகி ஷேக்கரின் அடியில் ஒட்டிக்கொள்ளும். இவை எல்லாவற்றுக்கும் அதே தராசு விதிதான்.

ஜிகரின் விளிம்பு

கூட்ட நேரத்தில் சில பார்டெண்டர்கள் அளவுக் கருவி இல்லாமல் பாட்டிலைச் சாய்த்து மனதுக்குள் எண்ணியே ஊற்றுவார்கள். நான்கு எண்ணினால் 60 மி.லி. என்று பயிற்சி. அப்படியானால் ஓர் எண்ணிக்கை 15 மி.லி. அரை எண்ணிக்கை பிசகினால் 7.5 மி.லி. பிசகும். ரம்மில் இது எட்டில் ஒரு பங்கு. விருந்தாளிக்குத் தெரியாமல்கூடப் போகலாம். எலுமிச்சையிலோ மூன்றில் ஒரு பங்கு. முதல் வாயிலேயே பல் கூசும்.

அதற்காகத்தான் ஜிகர். இடுப்பு ஒடுங்கிய உடுக்கை மாதிரி, இரு பக்கமும் வாயுள்ள உலோக அளவைக் கிண்ணம் அது. ஆனால் ஜிகரிலும் கைக்குக் கை வேறுபாடு வரும். ஒருவர் விளிம்பு தளும்ப ஊற்றுவார். இன்னொருவர் சிந்தாமல் இருக்கட்டும் என்று இரண்டு மில்லிமீட்டர் கீழேயே நிறுத்துவார். வாய் ஐந்து செ.மீ. அகலமுள்ள ஜிகரில் அந்த இரண்டு மில்லிமீட்டர் கிட்டத்தட்ட 4 மி.லி. ஆகிவிடும். வாய் மூன்றரை செ.மீ. உள்ள ஒடுக்கமான ஜிகரில் அது 2 மி.லி.தான். நெட்டையாக, ஒடுங்கிய வாயோடு இருக்கும் ஜப்பானிய வகை ஜிகர்களைப் பலர் விரும்புவதற்கு அழகு மட்டும் காரணமல்ல. பார் முழுவதும் ஒரே வகை ஜிகர், எல்லோரும் விளிம்புவரை என்று முடிவு செய்துவிட்டால் இந்த வேறுபாடு ஒழியும்.

ஊற்றும் வரிசைக்கும் காரணம் உண்டு. முதலில் எலுமிச்சை, அடுத்து பாகு, கடைசியில் ரம். முதல் இரண்டில் கை தவறினால் சில ரூபாய் நஷ்டத்தோடு கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். ரம்மை முதலில் ஊற்றியவர், தவறு தெரிந்தும் விலையை நினைத்து அதையே ஒப்பேற்றப் பார்ப்பார். ஐஸ் எல்லாவற்றுக்கும் பின்னால்தான் வரவேண்டும். முதலிலேயே போட்டால் மற்றவற்றை அளந்து முடிப்பதற்குள் உருகத் தொடங்கிவிடும்.

நான்காவது பொருள்: தண்ணீர்

மூன்று பொருளையும் சேர்த்தால் 105 மி.லி. அதில் நூற்றுக்கு 23 பங்கு ஆல்கஹால். நிறைய ஐஸ் போட்டு 12 விநாடி வேகமாகக் குலுக்கி வடித்தால் சுமார் 155 மி.லி. கிடைக்கும். ஐஸ் உருகிச் சேர்ந்த 50 மி.லி. தண்ணீர், ஆல்கஹாலை 15 பங்குக்கு இறக்கிவிடுகிறது. பானமும் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்துவிடும். செய்முறை அட்டையில் எழுதப்படாவிட்டாலும் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு இந்தத் தண்ணீர்தான்.

குலுக்கும்போது ஆளுக்கு ஆள் பாணி மாறும். ஒருவர் தோளுக்கு மேல் தூக்கிக் குலுக்குவார், இன்னொருவர் நெஞ்சுக்கு நேராக. அதனால் பெரிய கேடில்லை. பன்னிரண்டு விநாடி வேகமாகக் குலுக்கினால் பானம் குளிர வேண்டிய அளவுக்குக் குளிர்ந்து, உருகுவதும் மட்டுப்பட்டுவிடும். அதற்குப் பிறகு பாணியால் வரும் வேறுபாடு குறைவு. கெடுப்பது ஈர ஐஸ். வாளியில் நெடுநேரம் கிடந்து மேலெல்லாம் தண்ணீர் சொட்டும் ஐஸைப் போட்டால், குலுக்கும் முன்பே தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. ஐஸைப் போட்ட பின் ஷேக்கரைச் சாய்த்து அந்தத் தண்ணீரை வடிக்க முடியாது. பானமும் சேர்ந்து போகும். ஆகவே வாளியில் வடிதட்டு இருக்க வேண்டும், ஐஸை அடிக்கடி மாற்ற வேண்டும்.

மார்ட்டினி, மன்ஹாட்டன் போலச் சாறே சேராத காக்டெய்ல்களைக் குலுக்குவதில்லை. கலங்காமல் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக நீண்ட கரண்டியால் ஐஸோடு கலக்குகிறார்கள். இதில்தான் கைக்குக் கை வேறுபாடு அதிகம். கலக்குவது மெதுவான வேலை. பத்து விநாடியில் நிறுத்தியவரின் பானம் காரமாகவும், நாற்பது விநாடி கலக்கியவரின் பானம் நீர்த்தும் இருக்கும். ஐஸ் பெரிய கட்டியா, சிறு துண்டா என்பதும் சேர்ந்துகொள்ளும். அதனால் இந்த வகைக்கு அட்டையில் ‘கலக்கவும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த ஐஸ், எத்தனை விநாடி என்பதும் இருக்க வேண்டும்.

மேலே வைப்பதும் ருசிதான்

கிளாஸின் விளிம்பில் செருகும் பழத்துண்டை அலங்காரம் என்று நினைத்தால் அதில்தான் சறுக்கல் வரும். ஜின்னும் வெர்மூத்தும் சேர்ந்த மார்ட்டினியில் ஆலிவுக்குப் பதில் ஊறவைத்த சின்ன வெங்காயத்தைப் போட்டால் அதன் பெயரே கிப்ஸன் என்று மாறிவிடுகிறது. ஆலிவோடு ஒட்டிவரும் உப்புநீர் பானத்துக்குள் போகிறது. லெமன் தோலைப் பிழிந்தாலோ அதன் எண்ணெய் மேலே மிதந்து மூக்கைத் தொடுகிறது. இரண்டும் வெவ்வேறு பானங்கள்.

தோலைச் சீவும்போது உள்ளே உள்ள வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவ வேண்டும், கசப்பு அங்கேதான். மஞ்சள் பக்கம் பானத்தைப் பார்க்கும்படி பிடித்து, கிளாஸுக்குச் சற்று மேலே மடித்து அழுத்தினால் எண்ணெய் பனிபோலத் தெறிக்கும். புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் வாசனை எழும். கசக்கினால் பச்சை வாடையும் கசப்பும் வரும்.

டைக்கிரிக்கு மெல்லிய வட்டத்துண்டு ஒன்று போதும். ஒருவர் வட்டத்துண்டும் இன்னொருவர் கால் பழமும் வைத்தால், கால் பழம் கிடைத்தவர் அதைப் பிழிந்தே தீருவார். அளந்து ஊற்றிய 22.5 மி.லி.க்கு அங்கே அர்த்தம் போய்விடும்.

அட்டையில் இருக்க வேண்டியவை

இவ்வளவையும் ஒரு சின்ன அட்டைக்குள் அடக்கிவிடலாம். நல்ல பார்களில் ‘ஸ்பெக்’ என்று சொல்லும் அந்த அட்டை, டைக்கிரிக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

எலுமிச்சைச் சாறு, இன்று பிழிந்தது, 22.5 மி.லி.
பாகு 1:1, எடைக்கு எடை, 22.5 மி.லி.
வெள்ளை ரம், பார் தேர்ந்தெடுத்த ஒரே பிராண்ட், 60 மி.லி.
ஷேக்கர் நிறைய ஈரமில்லாத ஐஸ், 12 விநாடி வேகமான குலுக்கல்.
இரட்டை வடிகட்டல், குளிரவைத்த கூப் கிளாஸ்.
விளிம்பில் எலுமிச்சை வட்டத்துண்டு ஒன்று.

அட்டை சரியாகப் பின்பற்றப்படுகிறதா என்பதை ருசி பார்க்காமலே ஓரளவு கண்டுபிடிக்க முடியும். ஒரே அளவுள்ள கிளாஸில் டைக்கிரி எப்போதும் ஒரே உயரத்தில் வந்து நிற்க வேண்டும். இந்த உயரத்தை பார்டெண்டர்கள் ‘வாஷ்லைன்’ என்கிறார்கள். அது கீழே நின்றால் ஏதோ குறைவாக அளக்கப்பட்டது, அல்லது குலுக்கல் போதவில்லை. மேலே ஏறினால் ஈர ஐஸ், அல்லது தாராளமான கை. பழைய கையும் புதிய கையும் அருகருகே நின்று ஒரே நேரத்தில் ஒரு டைக்கிரி கலந்து, இரண்டு கிளாஸையும் தராசில் வைத்துப் பார்த்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். எடை வேறுபட்டால் ஜிகரையும் ஐஸையும் சந்தேகப்பட வேண்டும். எடை ஒன்றாக இருந்தும் ருசி வேறுபட்டால் பாகையும் சாற்றையும் பார்க்க வேண்டும். கடை திறக்கும் முன் அன்றைய பாகையும் சாற்றையும் ஸ்ட்ராவில் ஒரு சொட்டு எடுத்து ருசிப்பதை வழக்கமாக்கினால் பாதிப் பிரச்சினை விருந்தாளியிடம் போகாமலே தீர்ந்துவிடும்.

அளவு மாறாமல் இருப்பதில் ருசியைத் தாண்டிய ஒரு பொறுப்பும் இருக்கிறது. ஒரு டைக்கிரியில் உள்ள 60 மி.லி. ரம்மில் சுமார் 19 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. புளிப்பும் இனிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து அந்தக் காரத்தை நாக்குக்குக் காட்டாமல் மறைத்துவிடும். கை தாராளமாகி 75 மி.லி. ஊற்றப்பட்டாலும் குடிப்பவர் அதைக் கவனிக்காமல் போகக்கூடும். இந்தியாவில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம். சரியாக அளந்து கலந்த ஒரே ஒரு டைக்கிரிகூட ஒருவரை அந்த எல்லைக்கு மேல் கொண்டுபோகலாம். ஆகவே கிளாஸைக் கையில் எடுப்பவர் சாவியை முதலிலேயே வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.